கெட்டிமேளத்திலும் கழற்றாத இயர்பிளக்: வன்னிக் கல்யாண வீடுகளில் தவில், நாதஸ்வரம், ட்ரம்ஸ் வாசிப்பவர்கள் காதைக் காக்கும் முழுமையான வழிகாட்டி

மேள செட்டில் வாசிக்கும் பலர் இயர்பிளக்கைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார்கள், சிலர் வாங்கியும் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஐயர் கையை உயர்த்திக் கெட்டிமேளம் கேட்கும்போது அதைக் கழற்றிவிடுகிறார்கள். தாளம் விலகிவிடும், சக வித்துவானின் அடி கேட்காது என்ற பயம்தான் காரணம். அந்தச் சில நிமிடங்கள்தான் நாள் முழுதும் போட்டிருந்த பயனை இல்லாமலாக்குகின்றன. ஆகவே இந்த வழிகாட்டி எந்த இயர்பிளக் நல்லது என்பதோடு நிற்காது. முதல் அடிக்கு முன் போட்டு, மங்களம் முடியும்வரை கழற்றத் தேவையில்லாத ஒன்றை எப்படித் தேர்ந்து, எப்படிச் செய்வித்து, எப்படிப் பழகிக்கொள்வது என்பதையே படிப்படியாகச் சொல்கிறது.

முதற்படி: எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம்

காதுக்கு வரும் சேதத்தைச் சத்தத்தின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை, அதற்குள் இருந்த நேரமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை ஒரு நாளைக்கு 85 டெசிபலில் 8 மணித்தியாலம். அதற்கு மேல் சத்தம் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகக் குறையும். 88 டெசிபலில் 4 மணித்தியாலம், 91இல் 2, 94இல் 1. 97 டெசிபலுக்குப் போனால் அரை மணித்தியாலம், 100இல் கால் மணித்தியாலம், 106இல் நான்கு நிமிடத்துக்கும் குறைவு. இந்த எல்லைக்குள் இருந்தால் யாருக்கும் எதுவும் வராது என்று பொருளில்லை. பெரும்பாலானோருக்கு ஆபத்துக் குறைவு என்பதே பொருள்.

உங்கள் செட்டின் அளவைக் கைத்தொலைபேசியிலேயே ஓரளவு அறியலாம். ஐபோன் வைத்திருந்தால் `NIOSH SLM` என்ற செயலி இலவசம். அதில் `LAeq` என்று காட்டும் எண்தான் அளவிட்ட நேரத்தின் சராசரி. அதையே குறித்துக்கொள்ளுங்கள், துள்ளிக்கொண்டிருக்கும் உடனடி எண்ணை விட்டுவிடுங்கள். அன்ட்ரொய்ட் போன்களின் மைக் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருப்பதால், அவற்றின் எண்ணைப் பருமட்டாக மட்டும் எடுக்க வேண்டும். எந்தப் போனானாலும் மிகப் பெரிய சத்தத்தில் மைக் திணறி, உண்மையைவிடக் குறைத்துக் காட்டக்கூடும். அதனால் 100ஐத் தாண்டிய எண் வந்தால் உண்மை அதற்கும் மேலே இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

அளவிடும் வேலையை வாசிப்பவர் செய்ய முடியாது. ஒத்திகையின்போது வேறொருவர் போனை வாசிப்பவரின் காதிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு காதுக்கும் இரண்டு நிமிடம் போதும். இரண்டு காதையும் தனித்தனியே அளக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தவில்காரருக்கு ஒரு பக்கத்தில் பக்கத்துத் தவில், மறுபக்கத்தில் நாதஸ்வரத்தின் அணசு. எந்தக் காதுக்கு அதிகம் போகிறது என்பது நிற்கும் ஒழுங்கைப் பொறுத்தது. போன் இல்லாவிட்டால் ஒரு கைநீட்டுத் தூரத்தில் நிற்பவருக்குக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் சத்தம் 85ஐத் தாண்டிவிட்டது.

ஒரு கல்யாணத்தைக் கணக்குப் பார்ப்போம்

கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரத்து மண்டபம் ஒன்றில் காலை முகூர்த்தம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், ஒரு தாளம். தவில்காரரின் காதருகே எடுத்த அளவுகள் இப்படி வந்ததாகக் கொள்வோம். மாப்பிள்ளை அழைப்பு அரை மணித்தியாலம், சராசரி 100 டெசிபல். மணவறைச் சடங்குகளின்போது மொத்தம் ஒரு மணித்தியாலம், 94 டெசிபல். கெட்டிமேளம் எல்லாம் கூட்டி நான்கு நிமிடம், 106 டெசிபல். பிறகு பந்தி நடக்கும்போது முக்கால் மணித்தியாலம் பாட்டு வாசிப்பு, 97 டெசிபல்.

100 டெசிபலில் ஒரு நாளுக்கு 15 நிமிடம்தான் அனுமதி, எனவே மாப்பிள்ளை அழைப்பு மட்டும் இரண்டு நாள் அளவு. சடங்குகள் ஒரு நாள் அளவு. நான்கு நிமிடக் கெட்டிமேளமும் ஒரு நாள் அளவு. பந்தி வாசிப்பு ஒன்றரை நாள் அளவு. கூட்டினால் மதியத்துக்குள் ஐந்தரை நாளுக்குரிய சத்தம் காதுக்குள் போயிருக்கிறது.

இப்போது அதே தவில்காரர் 15 டெசிபல் குறைக்கும் வடிகட்டி வைத்த இயர்பிளக் போட்டிருக்கிறார். காதில் போட்டபின் கிடைப்பது பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைவிடக் குறைவாகவே இருக்கும், அதனால் 12 என்று எடுப்போம். 12 டெசிபல் என்பது நான்கு முறை பாதியாவது, அதாவது பதினாறில் ஒரு பங்கு. ஐந்தரை நாள் மூன்றிலொரு நாளாகச் சுருங்குகிறது. அன்று மாலை இன்னொரு கல்யாணம் இருந்தாலும் எல்லைக்குள்தான் நிற்பார்.

அவர் கெட்டிமேளத்துக்கு மட்டும் கழற்றினால் என்ன ஆகும்? மற்ற எல்லாம் சேர்ந்து நாளில் கால் பங்குக்குச் சற்று மேல். அந்த நான்கு நிமிடம் ஒரு முழு நாளுக்குச் சற்று மேல். மொத்தம் ஒன்றே கால் நாளைத் தாண்டுகிறது. இரண்டேகால் மணித்தியாலமாகக் காத்தது நான்கு நிமிடத்தில் போகிறது. இன்னொரு விதமாகவும் இதைப் பார்க்கலாம். ஒரே சத்தத்துக்குள் பாதி நேரம் போட்டு, பாதி நேரம் கழற்றி வைத்தால், எவ்வளவு விலை உயர்ந்த இயர்பிளக்காக இருந்தாலும் முழு நாளுக்குக் கிடைக்கும் பயன் 3 டெசிபலுக்கு மேல் போகாது. அதனால்தான் 30 டெசிபல் குறைத்துவிட்டு இடையில் கழற்ற வைக்கும் ஒன்றைவிட, 15 குறைத்துக் காதிலேயே நிற்கும் ஒன்று மேலானது.

இரண்டாம்படி: எந்த இயர்பிளக்

பஞ்சைப் பற்றி ஒரே வரி: அது காப்பதில்லை, நார் உள்ளே தங்குவதுதான் மிச்சம்.

மருந்துக்கடையிலும், கிரைண்டர் வேலைக்கான பாதுகாப்புப் பொருட்கள் விற்கும் ஹாட்வெயார் கடையிலும் கிடைக்கும் மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நுரைப் பிளக் சரியாகப் போட்டால் நிறையச் சத்தத்தைத் தடுக்கும். ஆனால் உயர்ந்த சுரங்களைக் கூடுதலாகவும் தாழ்ந்த ஒலியைக் குறைவாகவும் தடுப்பதால் எல்லாம் போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் ஆகிவிடும். சீவாளியின் கூர்மையும் வலந்தலையில் விரல்கூடு படும் சொல்லும் மங்கிவிடும், தொப்பியின் அடி மட்டும் மிஞ்சும். தவில்காரர்கள் கெட்டிமேளத்தில் கழற்றுவது பெரும்பாலும் இதனால்தான். ஆகவே நுரைப் பிளக்கை வாசிக்காத நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்: வெடி கொளுத்தும் இடத்தைக் கடக்கும்போது, ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் காத்திருக்கும்போது, மற்றக் குழு வாசிக்கும்போது.

இசைக்கென்றே செய்தவை ஏன் வேறுபடுகின்றன என்பதைச் சொல்ல வேண்டும். திறந்த காதுக்குழாய் இயல்பாகவே 2,700 ஹேர்ட்ஸ் அளவில் ஒலியைக் கூட்டித் தருகிறது. சுரத்தின் தெளிவும் சொற்கட்டின் தெளிவும் அந்தப் பகுதியில்தான் பெரும்பாலும் இருக்கின்றன. எதையாவது கொண்டு குழாயை அடைத்தால் அந்தக் கூட்டல் இல்லாமற்போகிறது, அதனால்தான் மங்கல். 1988இல் மீட் கில்லியன் என்ற அமெரிக்கப் பொறியியலாளரின் நிறுவனம் வெளியிட்ட 15 டெசிபல் வடிகட்டி, இழந்த அந்தக் கூட்டலைச் சிறிய சவ்வும் சிறிய காற்றறையும் கொண்டு திருப்பிக் கொடுத்தது. அதன் பயன், எல்லாச் சுரமும் ஏறத்தாழ ஒரே அளவு குறைவது. இன்று 9, 15, 25 என்ற மூன்று அளவுகளில் அத்தகைய வடிகட்டிகள் கிடைக்கின்றன.

இவற்றை இரண்டு வடிவில் வாங்கலாம். ஒன்று, இரண்டு மூன்று அடுக்குக் குடை வைத்த சிலிக்கன் பிளக். எல்லாக் காதுக்கும் பொதுவானது, விலை குறைவு, தொடங்குவதற்கு இதுவே போதும். மற்றது, உங்கள் காதின் அச்செடுத்துச் செய்வது. வாரத்துக்கு ஒரு நிகழ்ச்சி செய்பவருக்குப் பொதுவானது சரி. முகூர்த்த மாதங்களில் நாளுக்கு இரண்டு வீடு போகும் செட்டுக்கு அச்சில் செய்தது பணத்துக்கு ஈடானது. வியர்வையில் நழுவாது, தலையைச் சாய்த்து வாசித்தாலும் இளகாது, அதனால் கழற்றும் தேவையும் வராது.

தவில்காரருக்கு 15 பொருந்தும். மேலே பார்த்த கணக்கில் அது போதுமானதாக இருக்கிறது, சக வாத்தியமும் தெளிவாகக் கேட்கும். 25 போட்டால் தன் அடி தனக்கே மெல்லியதாகக் கேட்டு, தெரியாமலே கழியை ஓங்கத் தொடங்குவார், மணிக்கட்டுக்கும் அது கேடு. மேற்கத்திய ட்ரம்ஸ் செட் வாசிப்பவருக்கு நிலைமை வேறு. ஸ்னெயாரும் சிம்பலும் காதுக்கு அரை மீற்றர் அளவில் இருப்பதால் அவருக்கு 25 தேவைப்படலாம். முதலில் அளந்துவிட்டுத் தீர்மானியுங்கள்.

நாதஸ்வரக்காரருக்குத் தனிச் சிக்கல்

நாதஸ்வரம் வாசிப்பவர் இயர்பிளக்கைப் போட்டவுடன் முகம் சுளிப்பார். தலைக்குள் 'ஊம்' என்று ஒரு முழக்கம் நிறையும். சீவாளியின் அதிர்வு உதடு, பல், தாடையெலும்பு வழியாகக் காதுக்குழாயின் வெளிப்பாதியிலுள்ள குருத்தெலும்புச் சுவரை அதிர வைக்கிறது. காது திறந்திருந்தால் அந்த ஒலி வெளியே போய்விடும். அடைத்தால் உள்ளேயே சிக்கிச் செவிப்பறையைத் தாக்கும். அதிலும் தாழ்ந்த ஒலிதான் பெருகும். அதனால் சுருதி குறைந்துவிட்டதுபோல ஒரு மயக்கம் வரும்.

இதற்கு மருந்து பிளக்கை வெளியே இழுப்பதன்று, இன்னும் உள்ளே போகச் செய்வது. குழாயின் உள்பாதி எலும்பு, அது அப்படி அதிராது. பிளக் இரண்டாவது வளைவைத் தாண்டி எலும்புப் பகுதியில் அடைத்தால் முழக்கம் மிகவும் குறையும். கடையில் வாங்கும் பொதுப் பிளக் அவ்வளவு ஆழம் போவதில்லை. ஆகவே ஒரு செட்டில் ஒருவருக்கு மட்டும் அச்சில் செய்விக்கப் பணம் இருக்கிறதென்றால் அது நாதஸ்வரக்காரருக்கே முதலில் போகவேண்டும் என்பது எங்கள் முடிவு. வடிகட்டி 9 அல்லது 15. முழக்கம் தாங்கவில்லையென்றால் 9 எடுத்து, மீதியை இடைவேளையாலும் நிற்கும் இடத்தாலும் ஈடுகட்டலாம்.

சுருதிக்கு இன்னொரு வழியும் உண்டு. மின்சுருதிப் பெட்டியை மண்டப ஒலிபெருக்கிக்குக் கொடுப்பதோடு நிற்காமல், வாசிப்பவரின் முழங்கால் உயரத்தில் முன்னால் வைத்துவிட்டால், சத்தம் கூட்டாமலே ஆதாரம் பிடிபடும்.

மூன்றாம்படி: அச்செடுப்பது

காதுகேள் கருவிக்குக் காதச்சு எடுக்கும் நிலையங்கள் செய்வதும் இதே வேலைதான். போகும்போது இசைக்கான வடிகட்டி பொருத்தும் பிளக் வேண்டும், காதுகேள் கருவியின் அச்சு வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். வடிகட்டியின் துவாரம் அச்சு வார்க்கும்போதே சரியான அளவில் அமைய வேண்டும். பிறகு துளைத்துப் பொருத்துவது பெரும்பாலும் சரிவராது.

வேலை நடக்கும் முறை இது. முதலில் வெளிச்சம் விட்டுக் காதைப் பார்ப்பார்கள். குறும்பி அடைத்திருந்தால் எடுத்த பின்பே அச்செடுக்கலாம். எடுப்பதை வைத்தியரிடம் விடுங்கள். பிறகு நூல் கட்டிய சிறு நுரைத்தடுப்பை உள்ளே வைப்பார்கள். அது செவிப்பறையைக் காக்கிறது, அச்சு எவ்வளவு ஆழம் போகும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. "இரண்டாம் வளைவைத் தாண்டி வையுங்கள்" என்று கேட்க வேண்டிய கணம் இதுதான். சிறிது கூச்சமும் இருமலும் வரலாம், அது வழமை. அடுத்து இரண்டு கூறுகளைக் கலந்த சிலிக்கனை ஊசியில்லாத சிரிஞ்சால் நிரப்பிச் சில நிமிடம் இறுக விடுவார்கள்.

அந்தச் சில நிமிடம் வாய் எப்படி இருக்கிறது என்பதில் தங்கியிருக்கிறது மீதி எல்லாம். தாடை அசையும்போது காதுக்குழாயின் வடிவமும் மாறுகிறது. வாயை மூடிக்கொண்டு எடுத்த அச்சில் செய்த பிளக், சீவாளியை வாயில் வைத்ததும் ஓரத்தில் இடைவெளி விடும். அந்த இடைவெளியால் முதலில் உள்ளே வருவது தவிலின் தொப்பி முழக்கம். எனவே நாதஸ்வரக்காரரும் பாடுபவரும் வாயைத் திறந்து, பல்லுக்கிடையில் கட்டையொன்றைக் கடித்தபடி அச்செடுக்க வேண்டும். சீவாளியையே கொண்டுபோய் வாசிக்கும் நிலையில் வாயில் பிடித்திருப்பது இன்னும் நல்லது.

எடுத்த அச்சைக் கையில் வாங்கிப் பாருங்கள். இரண்டு வளைவும் தெரிய வேண்டும். நுனியில் குழியோ, ஓரத்தில் குமிழோ, மடிப்போ இருந்தால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். மூலப்பொருளாக மென்மையான சிலிக்கனைக் கேளுங்கள். வியர்வையிலும் தாடை அசைவிலும் அது கடினமான அக்ரிலிக்கைவிட நன்றாக ஒட்டி நிற்கும். பிளக் வந்ததும் வாத்தியத்தோடு ஒருமுறை வாசித்துப் பார்த்து, ஒரு பக்கம் கசிந்தால் ஒரு சில நாளுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். சில ஆண்டுகளில் காதின் வடிவம் மெல்ல மாறும். உடம்பு பெருத்தாலோ மெலிந்தாலோ இன்னும் விரைவாக மாறும். முன்பு இறுக்கமாக இருந்தது இளகிவிட்டதென்றால் புது அச்சுக்கு நேரம் வந்துவிட்டது.

வன்னியில் இதைச் சொல்லாமல் விட முடியாது. 2009 வரையான போரில் ஷெல்லுக்கும் குண்டுக்கும் அருகில் இருந்த பலரின் செவிப்பறை கிழிந்திருக்கிறது. சிலருக்கு அது ஆறவேயில்லை. காதிலிருந்து நீர் அல்லது சீழ் வடிபவரும், குளிக்கும்போது தண்ணீர் போனால் தலைசுற்றுபவரும், அந்த நாளிலிருந்து ஒரு காது இரைபவரும் சிலிக்கன் ஊற்றி அச்செடுக்கும் முன் காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் காட்ட வேண்டும். ஓட்டை இருந்தால் சிலிக்கன் நடுக்காதுக்குள் போய்விடும், அதை எடுப்பதற்குச் சத்திரசிகிச்சை தேவைப்படலாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் இதற்கான பிரிவு இருக்கிறது. ஏற்கெனவே ஒரு காது பாதித்தவர் மற்றக் காதைக் கூடுதல் கவனத்தோடு காக்க வேண்டும்.

நான்காம்படி: போடும் விதம்

நுரைப் பிளக்கைக் கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள். மடிப்பு விழாமல் மெல்லிய குச்சிபோல உருட்டி, மறுகையைத் தலைக்கு மேலால் கொண்டுபோய்க் காதை மேலும் பின்னும் இழுத்து, உடனே உள்ளே தள்ளி அரை நிமிடத்துக்குமேல் விரலால் பிடித்திருங்கள். எங்கள் வெக்கையில் நுரை விரைவாக விரிந்துவிடும். உருட்டிவிட்டுக் கதைத்துக்கொண்டிருந்தால் வாசலிலேயே விரிந்து நின்றுவிடும். வெளியே பாதிக்கு மேல் தெரிந்தால் அது போடப்படவில்லை. வியர்வையும் தூசியும் பட்ட நுரையைத் திரும்பப் போடாதீர்கள்.

குடைப் பிளக்கை லேசாக ஈரமாக்கி, காதை இழுத்தபடி மெல்லத் திருகி உள்ளே விடுங்கள். எடுக்கும்போதும் திருகியே எடுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் செவிப்பறையில் உறிஞ்சல் ஏற்பட்டு நோகும்.

சரியாக இருக்கிறதா என்று அறிய, மேளம் ஒலிக்கும்போது இரண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்தித் திறந்து பாருங்கள். பொத்தும்போது சத்தம் நன்றாகக் குறைந்தால் பிளக் அடைக்கவில்லை. பிறகு வாயை மூடி 'ம்' என்று இழுங்கள். குரல் இரண்டு பக்கமும் ஒரே அளவாகத் தலைக்குள் கேட்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால், குரல் குறைவாகக் கேட்கும் பக்கத்தைத் திரும்பப் போடுங்கள்.

ஐந்தாம்படி: பழகிக்கொள்வது

புதுப் பிளக்கை நேரே கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோனால் நிச்சயம் கழற்றிவிடுவீர்கள். முதல் வாரம் வீட்டில் சாதகம் செய்யும்போது பதினைந்து நிமிடம் போடுங்கள், பிறகு முழு நேரமும். இரண்டாம் வாரம் செட்டோடு ஒத்திகை. அந்த ஒத்திகையில் கெட்டிமேளத்தை மட்டும் பலமுறை வாசியுங்கள், ஏனென்றால் பயம் இருப்பது அங்கேதான். அதைப் பதிவு செய்து, பிளக் இல்லாமல் வாசித்த பதிவோடு வைத்துக் கேளுங்கள். தாளம் விலகவில்லை என்பது அப்போது தெரியவரும். அடி கூடியிருக்கிறதா என்பதும் தெரியும்.

செட்டில் எல்லாரும் ஒரே நாளில் தொடங்குவது நல்லது. ஒருவர் மட்டும் போட்டால் அவர் வாசிக்கும் அளவும் மற்றவர் வாசிக்கும் அளவும் ஒத்துவராமல் மனத்தாங்கல் வரும். வாய்ச்சைகைக்குப் பதில் கண்ணும் கையும் போதும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ஐயரின் கையைத் தாளக்காரர் பார்த்து, தவிலுக்குத் தலையசைத்தால் போதும்.

தாளம் போடுவது பல செட்டில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை. இரண்டு தவிலுக்கும் நடுவில், கையிலிருக்கும் தாளத்தின் கூர்மையான ஒலியோடு நிற்கும் அந்தப் பிள்ளைக்குத்தான் யாரும் எதுவும் போடுவதில்லை. பெரியவர்களுக்கான பிளக் அந்தச் சிறு காதுக்குள் நிற்காது. சிறுவர் அளவுக் காதுக்கவசம் வாங்கிக் கொடுங்கள். படத்தில் நன்றாக இருக்காது என்று யாராவது சொன்னால், செட்டின் தலைவர் பிள்ளையின் பக்கம் நிற்க வேண்டும்.

ஆறாம்படி: நிற்கும் இடமும் இடைவேளையும்

திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். தகரக் கூரையும் மாபிள் தரையும் உள்ள மண்டபத்தில் அவ்வளவு குறையாது, மூலையில் இருந்தால் இன்னும் கூடும். எனவே மேடையில் மூலையைத் தவிர்த்து, தவில்களுக்கிடையில் இன்னும் ஒரு முழம் இடைவெளி விட்டு, அணசின் நேர்கோட்டில் எவர் காதும் வராமல் சற்றுக் கோணமாக உட்காருங்கள். சவுண்ட்காரரிடம் மேளத்துக்குப் பக்கத்திலுள்ள பெட்டியை நிறுத்தவோ திருப்பவோ சொல்லுங்கள். நாதஸ்வரத்துக்கு மைக் போட்டு அதை வாசிப்பவரின் காதருகிலேயே திருப்பி விடுவது சிறிய மண்டபத்தில் தேவையற்ற வேலை.

இடைவேளை என்பது வாசிப்பை நிறுத்துவது மட்டுமன்று, சத்தத்தை விட்டு விலகுவது. மேளம் ஓய்ந்தவுடன் சவுண்ட்காரர் பாட்டைப் போட்டுவிடுவார். பெட்டிக்கு முன்னாலேயே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தால் கணக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும். வெளியே, ஜெனரேட்டருக்கு எதிர்ப்பக்கத்தில், சாதாரணக் குரலில் பேசினால் கேட்கும் இடத்துக்குப் போங்கள். முக்கால் மணித்தியாலம் வாசித்தால் பதினைந்து நிமிடமாவது அங்கே இருங்கள். ஒன்றை மறந்துவிடக் கூடாது. அந்த ஓய்வு ஏற்கெனவே போன சத்தத்தைக் கணக்கிலிருந்து கழிக்காது, இனிப் போகவிருந்ததைத்தான் குறைக்கும். ஆகவே பந்தி வாசிப்பை 45 நிமிடத்திலிருந்து 20 ஆக்கிக்கொள்ள வீட்டாரிடம் பேசுவது, நடுவில் எடுக்கும் சின்னச் சின்ன ஓய்வுகளைவிடப் பயன் தரும். இரண்டு வீட்டுக்கு நடுவில் வாகனத்தில் போகும்போது பாட்டை நிறுத்திவிடுங்கள்.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல்போல விடிய விடிய நீளும் நாட்களில் இரண்டு செட் முறைவைத்து வாசிப்பதும், மாறி நிற்கும் செட் வீதியை விட்டு விலகிப் படுப்பதும் தவிர வேறு நல்ல வழியில்லை. வெடி கொளுத்தும் இடத்தில் 15 டெசிபல் வடிகட்டியை நம்ப வேண்டாம், ஒரே வெடி நிரந்தரமாகக் கெடுக்கக்கூடும். தூரமாகப் போங்கள், அல்லது நுரைப் பிளக்குக்கு மாறுங்கள்.

வரவேற்பு இசைக்குழுவுக்கு

மாலை வரவேற்பில் ட்ரம்ஸ் வாசிப்பவர் பிளக் போட்டபின், தரையிலுள்ள மொனிட்டர் பெட்டியைக் கூட்டச் சொல்லக் கூடாது, அது பிளக்கைத் தோற்கடிக்கிறது. காதுக்குள் வைக்கும் மொனிட்டர் பாவித்தால் இரண்டு காதிலும் வையுங்கள். ஒன்றை மட்டும் வைத்து மற்றதைத் திறந்து விட்டால், வெளிச்சத்தத்தை மீற வேண்டி உள்ளே கூட்டிக்கொண்டே போவீர்கள், இரண்டு காதும் கெடும். சிறிய மண்டபத்துக்கு ஒக்டபாட் போதுமென்றால் அதுவே நல்லது. அங்கே சத்தத்தை ஆளும் திருகி உங்கள் கையில் இருக்கிறது.

பராமரிப்பும் எச்சரிக்கை அறிகுறிகளும்

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பின் வடிகட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, அச்சை மட்டும் இளஞ்சூட்டுத் தண்ணீரிலும் மென்மையான சவர்க்காரத்திலும் கழுவி, இரவு முழுதும் உலர விடுங்கள். வடிகட்டியில் தண்ணீர் படக் கூடாது, ஊசியால் குத்தவும் கூடாது. ஊர்வலப் புழுதியில் வடிகட்டி அடைத்தால் ஒரு காது திடீரென்று மங்கலாகக் கேட்கும். இரண்டு வடிகட்டியையும் பக்கம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். மங்கல் வடிகட்டியோடு மறுபக்கம் போனால் புதியது வாங்க வேண்டும். மங்கல் அதே காதிலேயே நின்றால் காதைக் காட்ட வேண்டும். காதில் அரிப்போ ஈரமோ இருந்தால் ஆறும்வரை பிளக் போடாமலும், வாசிக்காமலும் இருங்கள். தேங்காயெண்ணெய் விடாதீர்கள், பட்ஸ் குச்சியால் கிண்டாதீர்கள்.

வாசித்து முடிந்து காது கூவினாலோ, பஞ்சு வைத்ததுபோல் அடைத்திருந்தாலோ அன்றைய சத்தம் எல்லை தாண்டியிருக்கிறது. பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தெளிந்துவிடும், ஆனால் தெளிந்ததால் சேதம் இல்லையென்று எடுக்க முடியாது. அடுத்த நாளும் இரைச்சல் தொடர்ந்தால், பெண்களின் பேச்சில் சொற்கள் பிடிபடாமல் போனால், ஒரே சுரம் இரண்டு காதிலும் இரண்டு உயரத்தில் கேட்டால் செவிப்புலன் பரிசோதனைக்குப் போங்கள். சத்தத்தால் வந்த சேதம் முதலில் 4,000 ஹேர்ட்ஸ் அளவில் ஒரு பள்ளமாக வரைபடத்தில் தெரியும். பேச்சு நன்றாகக் கேட்கும்போதே அது விழுந்திருக்கலாம், அதனால் ஆண்டுக்கொருமுறை பார்ப்பது நல்லது. பரிசோதனைக்கு முன் குறைந்தது 14 மணித்தியாலம் சத்தமில்லாமல் இருக்க வேண்டும், எனவே இரவுத் திருவிழாவுக்கு மறுநாட் காலை போகாதீர்கள்.

இதில் ஒன்றுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. ஒரு காது சடுதியாகக் கேளாமற் போனால், வலி இல்லாவிட்டாலும், அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். அதற்கான மருந்து முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் பயன் அதிகம். கையிலிருக்கும் கல்யாண ஓடரை வேறு தவில்காரரிடம் கொடுத்துவிட்டாவது போக வேண்டும்.